கைடுக்கு அனுப்பும் மினி புராஜெக்ட் மின்னஞ்சல்: படங்களில் இரைச்சல் நீக்கம் – மதிப்பீட்டுத் திட்டத்தை எப்படி எழுதுவது?

இறுதியாண்டு | ஜனவரி 6, இரவு 9.12

மின்னணுவியல், தொடர்பியல் துறையில் இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று பேர் குழு. மினி புராஜெக்ட் தலைப்பை வெள்ளிக்கிழமைக்குள் கைடுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். எப்படி மதிப்பிடப் போகிறோம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில்தான் அனுப்புவோம். உள்ளடக்கத்தை மட்டும் தமிழில் தருகிறேன்:

> மதிப்பிற்குரிய ஐயா, படங்களில் உள்ள இரைச்சலை நீக்க ஆழ்கற்றல் அடிப்படையில் மேம்பட்ட முறை ஒன்றை உருவாக்க விரும்புகிறோம். காஸியன் வடிகட்டி, மீடியன் வடிகட்டி, நான்-லோக்கல் மீன்ஸ், பிஎம்3டி ஆகியவற்றோடு ஒப்பிட்டு எங்கள் முறையே சிறந்தது என நிறுவுவோம். இரைச்சல் நீக்கிய படம் மூலப் படத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என அறிய பிஎஸ்என்ஆர், எஸ்எஸ்ஐஎம் ஆகிய அளவுகளைப் பயன்படுத்துவோம். படங்களை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். தங்கள் அனுமதியை எதிர்பார்க்கிறோம்.

இதில் என்ன குறை? நேற்று வாய்மொழியாகச் சொன்னபோது கைடு, "மதிப்பீடு எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

பழைய மாணவர் | ஜனவரி 6, இரவு 9.40

குறை ஒன்றும் இல்லை, அனுப்புங்கள். கைடுக்கு வரும் மின்னஞ்சல்கள் ஏராளம். பத்து வரிக்கு மேல் போனால் படிக்க மாட்டார். பிஎஸ்என்ஆர் போட்டிருக்கிறீர்கள், அதுவே மதிப்பீடுதான். ஒரு யோசனை: மீடியன் வடிகட்டியை முன்னால் வையுங்கள். எந்த இரைச்சலுக்கும் அதுதான் நன்றாக வேலை செய்யும். எங்கள் ஆண்டில் அதை வைத்தே முடித்தோம்.

கரும்பலகை | ஜனவரி 6, இரவு 10.55

நான் இதே துறையில் பாடம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் இப்படிப்பட்ட மின்னஞ்சல்கள் எனக்கு வருகின்றன. சுருக்கமாக இருக்க வேண்டும் என்று பழைய மாணவர் சொல்வது சரி. ஆனால் "எங்கள் முறையே சிறந்தது என நிறுவுவோம்" என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சோதனை தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் கைடு "மதிப்பீடு எங்கே?" என்று கேட்டது பிஎஸ்என்ஆர் என்ற பெயர் இல்லாததால் அன்று. முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் அது எந்த எண்ணில் தெரியும் என்பது மின்னஞ்சலில் இல்லை.

நீங்கள் முந்துவதாகச் சொல்லும் முறைகள் எவை என்று பாருங்கள். பிஎம்3டி 2007இல் பின்லாந்தின் தாம்பரே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. எந்தப் பயிற்சியும் இல்லாமல், படத்துக்குள்ளேயே ஒன்றுபோல் இருக்கும் துண்டுகளைச் சேர்த்து வைத்து இரைச்சலை நீக்குகிறது. 2017இல் வெளியான டிஎன்சிஎன்என் என்ற ஆழ்கற்றல் வலைப்பின்னல் அதை முந்தியது. எவ்வளவு முந்தியது? பிஎஸ்டி68 என்ற 68 படத் தொகுப்பில், சிக்மா, அதாவது இரைச்சலின் திட்ட விலக்கம், 25 ஆக இருக்கும்போது பிஎம்3டியின் சராசரி பிஎஸ்என்ஆர் 28.57 டெசிபல், டிஎன்சிஎன்என் 29.23. இடைவெளி 0.66 டெசிபல். அதையும் நீங்கள் ஒரு பருவத்துக்குள் முந்துவீர்கள் என்று எழுதினால் கைடு நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

புதிய முறை வேண்டாம். புதிய கேள்வி ஒன்றை எடுங்கள். எனக்குப் பிடித்த கேள்வி இது: சிக்மா 25 இரைச்சலில் மட்டும் பயிற்சி பெற்ற சிறிய வலைப்பின்னலை, சிக்மா 15இலும் 35இலும் சோதித்தால் என்ன ஆகும்? பிஎம்3டியிடம் ஒவ்வொரு முறையும் "இரைச்சல் இவ்வளவு" என்று சொல்லலாம். அந்த வலைப்பின்னலிடம் சொல்ல வழி இல்லை. இரைச்சல் 25ஐ விட்டு எவ்வளவு விலகினால் பிஎம்3டி முன்னுக்கு வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் எப்படி வந்தாலும் உங்கள் புராஜெக்ட் நிற்கும்.

பழைய மாணவர் | ஜனவரி 6, இரவு 11.20

இதற்கெல்லாம் ஜிபியு வேண்டும். சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் எங்கே இருக்கிறது?

கரும்பலகை | ஜனவரி 7, காலை 6.35

நியாயமான கேள்வி. மூலக் கட்டுரையின் டிஎன்சிஎன்என் 17 அடுக்குகள், ஒவ்வொன்றிலும் 64 சேனல்கள். ஏறத்தாழ ஐந்தரை லட்சம் எடைகள். 7 அடுக்குகளாகக் குறைத்தால் இரண்டு லட்சத்துக்குள் அடங்கும். விலை உண்டு: 17 அடுக்குகளில் ஒரு பிக்சலைத் தீர்மானிக்க வலைப்பின்னல் 35×35 பிக்சல் சதுரத்தைப் பார்க்கிறது, 7 அடுக்குகளில் 15×15 மட்டுமே. ஆகவே 29.23 வராது, பிஎம்3டிக்குக் கீழேயே நிற்கக்கூடும். "மூலக் கட்டுரையின் எண்ணை எட்டுவது நோக்கம் அன்று" என்று மின்னஞ்சலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். கைடு அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். உங்களிடம் என்ன கருவி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதாக எடுத்துக்கொள்வார்.

கரும்பலகை | ஜனவரி 7, காலை 7.10

மீடியன் பற்றி விட்டுவிட்டேன். உப்பும் மிளகும் தூவியதுபோல் ஆங்காங்கே முழு வெள்ளை, முழுக் கறுப்புப் புள்ளிகள் விழுந்த படத்துக்கு மீடியன் சிறந்தது. காஸியன் இரைச்சலுக்கு அப்படி இல்லை. சமதளமான பகுதியில் 3×3 சராசரி எடுத்தால் இரைச்சலின் மாறுபாடு ஒன்பதில் ஒரு பங்காகும். அதே ஒன்பது பிக்சல்களின் மீடியன் எடுத்தால் மிஞ்சும் மாறுபாடு அதைப் போல் ஒன்றரை மடங்கு. விளிம்புகளை மழுக்காமல் காப்பதில் மீடியனுக்கு நன்மை உண்டு என்பது உண்மை. ஆனால் "எந்த இரைச்சலுக்கும்" என்பது சரியில்லை.

இருட்டறை | ஜனவரி 7, மதியம் 1.15

நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அறுபதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைத் திருமணப் படங்களைச் சரிசெய்யக் கொண்டுவருகிறார்கள். கீறல், பூஞ்சை, மடிப்புக் கோடு, ஓரத்தில் கரையான் அரித்த ஓட்டை எல்லாம் இருக்கும். தம்பி செய்யும் இந்த புராஜெக்ட் முடிந்தால் எனக்குப் பயன்படுமா? மாதிரிப் படங்கள் வேண்டுமானால் தருகிறேன்.

கரும்பலகை | ஜனவரி 7, மாலை 5.50

அண்ணா, பயன்படாது, அது வேறு வேலை. இங்கே பேசும் இரைச்சல் ஒவ்வொரு பிக்சலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருப்பது; அடியில் உண்மையான மதிப்பு இன்னும் இருக்கிறது. கரையான் அரித்த இடத்தில் அடியில் ஒன்றுமே இல்லை. அங்கே பக்கத்திலிருந்து ஊகித்து நிரப்ப வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் திருமணப் படத்தின் பழுதில்லாத பிரதி யாரிடமும் இல்லை. பிஎஸ்என்ஆர் கணக்கிட அது கட்டாயம் வேண்டும்.

இறுதியாண்டு | ஜனவரி 7, இரவு 8.30

நன்றி ஐயா. நான் தம்பி இல்லை, தங்கை. சிக்மா கேள்வியைக் குழுவில் பேசினோம், எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. மதிப்பீட்டுப் பகுதியில் முதல் வரியாக என்ன எழுதுவது?

இருட்டறை | ஜனவரி 7, இரவு 8.41

மன்னியுங்கள் தங்கச்சி.

கரும்பலகை | ஜனவரி 7, இரவு 10.20

முதல் வரியாக ஓர் எண்ணை எழுதுங்கள்: 20.17.

பிஎஸ்என்ஆர் என்பது 255இன் வர்க்கத்தைச் சராசரி வர்க்கப் பிழையால் வகுத்து, மடக்கை எடுத்து, பத்தால் பெருக்குவது. சிக்மா 25 என்று இரைச்சல் சேர்த்தால் சராசரி வர்க்கப் பிழை 25இன் வர்க்கம், அதாவது 625. 65025ஐ 625ஆல் வகுத்தால் 104.04, அதன் டெசிபல் மதிப்பு 20.17. எந்தப் படமானாலும் இதே எண்தான். சிக்மா 15க்கு 24.61, சிக்மா 35க்கு 17.25. எந்த முறையையும் ஓட்டும் முன், இரைச்சல் சேர்த்த படத்தின் பிஎஸ்என்ஆரை அளந்து இந்த எண் வருகிறதா என்று பாருங்கள்.

```python
rng = np.random.default_rng(7)
clean = clean.astype(np.float32)
noisy = clean + rng.normal(0, 25, clean.shape)
mse = np.mean((noisy - clean) ** 2)
print(10 * np.log10(255**2 / mse))
```

பிஎஸ்டி படங்கள் 321×481 பிக்சல். அந்த அளவுக்கு இரண்டாவது தசம இலக்கம்தான் சற்று ஆடும், 20.15, 20.19 என்று வரலாம். 68.30 வந்தால் படத்தை 0 முதல் 1 வரை மாற்றிவிட்டு 255ஐ அப்படியே விட்டிருக்கிறீர்கள். அந்தத் தவறு சரியாக 48.13 டெசிபலைக் கூட்டிக் கொடுக்கும். 20.17க்குச் சற்று மேலே, 20.4 அல்லது 20.6 வந்தால் 0க்குக் கீழும் 255க்கு மேலும் போனவற்றை எங்கோ வெட்டியிருக்கிறீர்கள். வெட்டினால் பிழை குறையும், எண் உயரும். அது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் 28.57, 29.23 என்று நான் சொன்ன எண்களோடு அதை ஒப்பிடக் கூடாது, அவை வெட்டாமல் அளந்தவை. 20க்கு வெகு கீழே வந்தால் அது தனிக் கதை, நாளை எழுதுகிறேன்.

பழைய மாணவர் | ஜனவரி 7, இரவு 10.48

இவ்வளவையும் மின்னஞ்சலில் எழுதினால் கைடு நிச்சயம் படிக்க மாட்டார்.

கரும்பலகை | ஜனவரி 7, இரவு 11.02

எழுத வேண்டியது ஒரே வரி: "முதல் சரிபார்ப்பாக, இரைச்சல் சேர்த்த படங்களின் பிஎஸ்என்ஆர் சிக்மா 25க்கு 20.17 டெசிபல் வருகிறதா என உறுதிசெய்வோம்." இந்த வரி இருக்கும் மின்னஞ்சல் என் கைக்கு வந்தால் மீதியை இரண்டாவது முறையும் படிப்பேன்.

கரும்பலகை | ஜனவரி 8, மதியம் 12.40

நேற்றுத் தள்ளிவைத்த கதை. நான் ரிவ்யூவில் பார்த்த ஒரு குழுவின் அட்டவணையில் மீடியன் வடிகட்டி பிஎம்3டியைப் பல டெசிபல் வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தது. மாணவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். பகல் நேரத்து வானம். பிக்சல் மதிப்பு 245 அளவில் இருக்க வேண்டிய இடம். அந்த வெண்மை முழுவதும் கரும்புள்ளிகள். தரையில், கட்டடச் சுவரில் அப்படி எதுவும் இல்லை.

காரணம் எளிது. எட்டு பிட் முழு எண்ணில் 255க்கு மேல் இடமில்லை. 245ஓடு 20 சேர்ந்து 265 ஆனால் அது சுற்றிக்கொண்டு 9 ஆகிவிடும். வெண்மையின் உச்சியில் இருக்க வேண்டியது கறுப்பாகிவிடுகிறது. சிக்மா 25இல், 245 மதிப்புள்ள வானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிக்சலுக்கு இந்தக் கதி. அவர்கள் சேர்த்ததாக நினைத்தது காஸியன் இரைச்சல். சேர்ந்தது உப்பும் மிளகும். மீடியன் அதைத்தானே நன்றாக நீக்கும்? பிஎம்3டி தனக்குச் சொல்லப்பட்ட இரைச்சலை நம்பி ஏமாந்தது. நான்கு முறைகளும் சரியாகத்தான் ஓடின, அட்டவணையும் ஒழுங்காக இருந்தது, தேர்வுத்தாள்தான் மாறிப்போயிருந்தது. இரைச்சல் படத்தின் பிஎஸ்என்ஆரை முதலில் அச்சிட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதனால்தான் மேலே உள்ள நிரலில் `astype(np.float32)` முதலில் வருகிறது. சேமிக்கும்போதும் கவனம் வேண்டும்: இரைச்சல் படத்தை ஜேபெக்காகச் சேமித்துத் திரும்பத் திறந்தால், சுருக்கும் வேலை இரைச்சலில் ஒரு பகுதியைத் தானே தின்றுவிடும். `np.save` போதும்.

பழைய மாணவர் | ஜனவரி 8, பிற்பகல் 2.05

எங்கள் ஆண்டிலும் மீடியன்தான் எல்லாவற்றையும் முந்தியது. வானம் இருந்த படங்கள்தான். பழைய கோப்புகளைத் தேடிப் பார்க்கிறேன்.

நுண்நோக்கி | ஜனவரி 8, இரவு 7.30

நான் நுண்நோக்கிப் படங்களில் வேலை செய்பவள். மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் பிஎஸ்என்ஆர் ஒன்றையே நம்பினால் நல்ல மதிப்பீடு ஆகாது. வழவழவென்று மழுக்கிவிடும் முறைக்கும் பிஎஸ்என்ஆர் நன்றாகவே வரும். செல்லின் மெல்லிய சவ்வு காணாமல் போயிருக்கும், எண் மட்டும் உயர்ந்திருக்கும்.

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். இரைச்சல் படத்திலிருந்து, சுத்தம் செய்த படத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அந்த முறை "இரைச்சல்" என்று கருதித் தூக்கி எறிந்தது. நான்-லோக்கல் மீன்ஸைக் கொண்டுவந்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இந்த யோசனை இருக்கிறது. மிஞ்சியதில் வெறும் மணற்பரப்பு தெரிந்தால் நல்லது. அதில் கட்டடத்தின் விளிம்போ புடவையின் கட்டமோ தெரிந்தால் அந்த முறை படத்தையும் சேர்த்துத் தின்றிருக்கிறது. காஸியன் வடிகட்டியில் இதைச் செய்து பாருங்கள், கோட்டோவியம் போட்டது போல் வரும். கைடிடம் காட்ட இதைவிட நல்ல படம் இல்லை.

எஸ்எஸ்ஐஎம்மையும் விடாதீர்கள்.

கரும்பலகை | ஜனவரி 8, இரவு 9.15

கழித்தல் படத்தை முழுமனதோடு ஏற்கிறேன். மின்னஞ்சலில் கட்டாயம் சேருங்கள். எஸ்எஸ்ஐஎம்மில்தான் எனக்குத் தயக்கம். சாளர அளவு, எடை, மதிப்பின் வீச்சு ஆகியவற்றை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வைக்கிறார்கள். ஒரே படத்துக்கு இரண்டு மென்பொருள் தொகுப்புகள் வெவ்வேறு எண் தரும். எந்த அமைப்பில் அளந்தோம் என்று எழுதாத எஸ்எஸ்ஐஎம் எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

நுண்நோக்கி | ஜனவரி 8, இரவு 9.33

அமைப்பை எழுதிவிட்டால் போயிற்று. அதற்காக அளவையே கைவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

இறுதியாண்டு | ஜனவரி 8, இரவு 10.10

இரண்டையும் வைத்துக்கொள்கிறோம், அமைப்பையும் குறிப்பிடுகிறோம். படங்களைப் பற்றி ஒரு சந்தேகம். பிஎஸ்டி500 தொகுப்பைத் தரவிறக்கிவிட்டோம். அதில் `train` 200, `val` 100, `test` 200 என்று மூன்று உறைகள். `train`, `val` இரண்டிலும் உள்ள 300 படங்களில் பயிற்சி கொடுத்து, பிஎஸ்டி68இல் சோதிப்பதாக எழுதலாமா?

கரும்பலகை | ஜனவரி 8, இரவு 11.25

எழுதக் கூடாது. நல்ல வேளை, அனுப்பும் முன் கேட்டீர்கள்.

பிஎஸ்டி68 தனியாக எடுத்த படங்கள் அல்ல. முதலில் வந்தது பிஎஸ்டி300: பயிற்சிக்கு 200, சோதனைக்கு 100. அந்த 100 சோதனைப் படங்களிலிருந்து பொறுக்கியவைதான் இந்த 68. பிறகு பிஎஸ்டி500 வந்தபோது புதிதாக 200 படங்களைச் சேர்த்து அவற்றை `test` ஆக்கினார்கள். பழைய சோதனைப் படங்கள் 100உம் `val` உறைக்குள் போயின. ஆகவே உங்கள் திட்டப்படி, வலைப்பின்னல் தேர்வுக்கு முன்பே 68 கேள்விகளையும் விடையோடு பார்த்துவிடும். உறையின் பெயரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் இதில் ஆபத்து.

டிஎன்சிஎன்என் கட்டுரைக்காரர்கள் பயிற்சிக்கு எடுத்தவை 400 படங்கள்: `train` 200, `test` 200. பெயரைக் கேட்டால் தவறுபோல் தோன்றும், ஆனால் அதுதான் சரியான பிரிவு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பயிற்சியை எப்போது நிறுத்துவது, நான்-லோக்கல் மீன்ஸின் வலிமை எண் `h` எவ்வளவு என்பவற்றை முடிவுசெய்ய, `val` உறையில் 68 போக மிஞ்சும் 32 படங்களை வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்டி68ஐ எல்லா அமைப்புகளும் உறுதியான பிறகு மட்டும் தொடுங்கள்.

`h` பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். `cv2.fastNlMeansDenoising` என்று எழுதி விட்டுவிட்டால் அது `h`ஐ 3 என்று எடுத்துக்கொள்ளும். சிக்மா 25க்கு அது மிகக் குறைவு. இரைச்சல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உங்கள் வலைப்பின்னலை மட்டும் நாள்கணக்கில் சீர்செய்துவிட்டு, எதிரணியை இப்படி விட்டால் அது ஒப்பீடு ஆகாது.

இருட்டறை | ஜனவரி 9, காலை 10.20

எனக்கு ஒன்று புரியவில்லை. நீங்களே இரைச்சலைச் சேர்த்து, நீங்களே நீக்குகிறீர்கள். இரவு மண்டபத்தில் எடுக்கும் படத்தில் வருகிற புள்ளிகளை இது நீக்குமா?

நுண்நோக்கி | ஜனவரி 9, காலை 11.05

சரியான கேள்வி. அவ்வளவு நன்றாக நீக்காது. உண்மையான கேமரா இரைச்சல் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். நிறம் சேர்ப்பதும் ஜேபெக் ஆக்குவதும் பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சலை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். 2017இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் ஆய்வாளர்கள் நான்கு கேமராக்களில் எடுத்த 50 காட்சிகளை வைத்துச் சோதித்தார்கள். செயற்கைக் காஸியன் இரைச்சலில் பயின்று முன்னணியில் இருந்த முறைகளை அங்கே பழைய பிஎம்3டி முந்தியது. என்னைக் கேட்டால் இதையும் புராஜெக்ட்டில் சேர்க்க வேண்டும்.

இருட்டறை | ஜனவரி 9, மதியம் 12.10

உண்மைப் படத்துக்குச் சுத்தமான பிரதி வேண்டும் என்றால் ஒரு வழி உண்டே. கேமராவை முக்காலியில் நிறுத்தி, அசையாத காட்சியை 64 முறை எடுத்துச் சராசரி பாருங்கள். இரைச்சல் எட்டில் ஒரு பங்காகிவிடும். நட்சத்திரப் படம் எடுப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இது. ரா கோப்பாக எடுக்க வேண்டும். போனின் ஜேபெக்கில் போனே ஏற்கெனவே இரைச்சலை மழுக்கியிருக்கும். ஷட்டர், ஐஎஸ்ஓ, ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிடுங்கள். ட்யூப்லைட் வெளிச்சமானால் ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். 1/160 வைத்தால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வந்து பட்டை பட்டையாக விழும், சராசரி பாழ்.

கரும்பலகை | ஜனவரி 9, பிற்பகல் 4.45

அண்ணா, இந்தக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். என் மாணவர்களுக்கும் தருவேன்.

ஆனால் இந்தக் குழுவின் முதல் மின்னஞ்சலில் இதைச் சேர்ப்பதை நான் விரும்பவில்லை. ஒரு பருவத்தில் மூன்று பேர், ஒரு கேள்வி, அது போதும். நேரம் மிஞ்சினால் இரண்டு காட்சிகள் எடுத்துப் பார்க்கலாம் என்ற அளவில் ஒரு வரி வரட்டும்.

நுண்நோக்கி | ஜனவரி 9, மாலை 5.20

நேரம் மிஞ்சினால் என்று எழுதுவது எப்போதும் நடக்காது. சேர்த்தால் முழுதாகச் சேருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கரும்பலகை | ஜனவரி 9, மாலை 6.30

கடைசியாக, முடிவுகளை எப்படிக் காட்டுவது என்பது. 68 படங்களின் சராசரியைப் போட்டு, பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு விலக்கத்தை எழுதுகிறார்கள். அது குழப்பும். வானம் நிறைந்த படத்தின் பிஎஸ்என்ஆர் ஒரு பக்கம், புல்லும் இலையும் நிறைந்த படத்தினுடையது வேறொரு பக்கம். இடையே பல டெசிபல் இருக்கும். நாம் தேடும் வித்தியாசமோ அரை டெசிபல் அளவு. விலக்கத்தைப் பார்த்தால் "இரண்டு முறையும் ஒன்றே" என்று தோன்றும். ஒவ்வொரு படத்திலும் வலைப்பின்னலின் எண்ணிலிருந்து பிஎம்3டியின் எண்ணைக் கழியுங்கள். அந்த 68 வித்தியாசங்களை வரைபடமாகப் போடுங்கள். படத்துக்குப் படம் உள்ள மேடு பள்ளம் கழிந்துபோய், முறைகளுக்கு இடையிலான வேறுபாடு மட்டும் நிற்கும். எத்தனை படங்களில் யார் முன்னே என்று எண்ணிச் சொன்னாலே வைவாவில் பாதிக் கேள்விகள் அடங்கும்.

அரை டெசிபல் அற்பமா என்று யாராவது கேட்டால்: 28.57 என்பது சராசரி வர்க்கப் பிழை ஏறத்தாழ 90, 29.23 என்பது 78. தொடங்கியது 625இல்.

இறுதியாண்டு | ஜனவரி 9, இரவு 9.50

எழுதிவிட்டோம். ஒரு மணி நேரத்தில் அனுப்பப் போகிறோம்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> சிக்மா 25 காஸியன் இரைச்சலில் மட்டும் பயிற்சி பெற்ற 7 அடுக்கு வலைப்பின்னல், இரைச்சலின் அளவு மாறும்போது பிஎம்3டியோடு ஒப்பிடுகையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மினி புராஜெக்ட்டாக ஆராய விரும்புகிறோம். புதிய முறை எதையும் முன்வைக்கவில்லை; டிஎன்சிஎன்என் கட்டுரையின் எண்களை எட்டுவதும் நோக்கம் அன்று.
>
> பயிற்சி: பிஎஸ்டி500இன் `train`, `test` உறைகளில் உள்ள 400 சாம்பல்நிறப் படங்கள். அமைப்புகளைத் தீர்மானிக்க: `val` உறையில் பிஎஸ்டி68 போக மிஞ்சும் 32. இறுதிச் சோதனை: பிஎஸ்டி68, ஒரே ஒரு முறை. சோதனை இரைச்சல்: சிக்மா 15, 20, 25, 30, 35, வெட்டாமல், நிலையான விதை எண்ணோடு.
>
> முதல் சரிபார்ப்பு: சிக்மா 25இல் இரைச்சல் படங்களின் பிஎஸ்என்ஆர் 20.17 டெசிபல் வர வேண்டும். வராவிட்டால் மேலே போக மாட்டோம்.
>
> ஒப்பீடு: காஸியன் வடிகட்டி, நான்-லோக்கல் மீன்ஸ், பிஎம்3டி. எல்லாவற்றின் அமைப்பும் அதே 32 படங்களில் சீர்செய்யப்படும். முடிவு: படத்துக்குப் படம் பிஎஸ்என்ஆர் வித்தியாசம், எஸ்எஸ்ஐஎம் அதன் அமைப்போடு, தேர்ந்தெடுத்த ஐந்து படங்களுக்குக் கழித்தல் படம்.
>
> 25ஐ விட்டு இருபுறமும் விலகும்போது வலைப்பின்னல் பின்தங்கும் என எதிர்பார்க்கிறோம். ஐந்து அளவுகளில் எதிலும் பின்தங்காவிட்டால் எங்கள் எதிர்பார்ப்பு தவறு என்று அறிக்கையில் எழுதுவோம்.
>
> செவ்வாய் அல்லது புதன் பிற்பகலில் தங்களைச் சந்திக்கலாமா?

உண்மைப் படங்களைப் பற்றிய வரியை எடுத்துவிட்டோம். நுண்நோக்கி அக்கா சொன்னதுதான் காரணம்.

நுண்நோக்கி | ஜனவரி 9, இரவு 10.05

நான் சேர்க்கச் சொன்னேன்! இருந்தாலும், ஒன்று முழுதாக அல்லது இல்லை என்ற வகையில் சரி. ஐந்து கழித்தல் படங்களை முடிவைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்காதீர்கள். எவை என்று இப்போதே எண்ணோடு எழுதுங்கள்.

இறுதியாண்டு | ஜனவரி 9, இரவு 10.12

சேர்த்துவிட்டோம்.

பழைய மாணவர் | ஜனவரி 11, காலை 8.30

கோப்பு கிடைத்தது. எங்கள் நிரலில் இரைச்சலை எட்டு பிட் முழு எண்ணிலேயே கூட்டியிருக்கிறோம். சிக்மா 25 என்று பெயரிட்ட படத்தின் பிஎஸ்என்ஆரை இன்று அளந்தேன்: 11.9. வானத்தில் கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. தங்கை அனுப்பியது நல்ல மின்னஞ்சல். நீளத்தைப் பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை.

இறுதியாண்டு | ஜனவரி 13, இரவு 7.15

கைடு பதில் அனுப்பினார். அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்கிறார்: "பிஎம்3டிக்கு உண்மையான சிக்மாவைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நடைமுறையில் அதை யார் சொல்வார்கள்?"

கரும்பலகை | ஜனவரி 13, இரவு 8.50

அருமையான கைடு. இதை நானே எழுப்பியிருக்க வேண்டியது. இரண்டு விதமாகவும் ஓட்டுங்கள்: உண்மையான சிக்மாவோடு ஒன்று, இரைச்சல் படத்திலிருந்தே மதிப்பிட்ட சிக்மாவோடு இன்னொன்று. ஸ்கைஇமேஜில் `skimage.restoration.estimate_sigma` அந்த வேலையைச் செய்யும். புல், இலை, மணல் நிறைந்த படங்களில் அது நுண்விவரத்தையும் இரைச்சலாக எண்ணிக் கூடுதலாகச் சொல்லும்; அங்கே பிஎம்3டி அளவுக்கு மீறி மழுக்கும். அந்தப் படங்களில் உங்கள் வலைப்பின்னல் தப்பிக்கிறதா என்று பாருங்கள். எனக்கும் விடை தெரியாது.

நுண்நோக்கி | ஜனவரி 13, இரவு 9.20

என் ஊகம், 25க்கு அருகில் தப்பிக்கும், 35இல் தப்பிக்காது. ஓட்டியதும் எண்களை இங்கே போடுங்கள்.